அறிவிப்பாளர் தொடரை ஆங்கிலமாக்கும் செராஸ் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கையருக்கு,



உங்கள் வார இறுதி ஹதீஸ் வகுப்புக்காக நீங்கள் ஆங்கிலத்தில் பெயர்த்துவரும் பக்கங்களை வாசித்தேன். உங்கள் அத்தா, அம்மா தலைமுறை ஹதீஸைத் தமிழ் பயானில் கேட்டு வளர்ந்தது. உங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கோ ஆங்கிலம்தான் கைக்கு எட்டும் மொழி. 2023-இல் கல்வி அமைச்சு இமாம் நவவீயின் நாற்பது ஹதீஸைப் பள்ளிகளில் முஸ்லிம் மாணவர்களுக்குப் பயிற்றுவிக்கத் தொடங்கியதிலிருந்து அந்தப் பிள்ளைகள் முதல் ஹதீஸைப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இதை உமர் (ரலி) அவர்களிடமிருந்து நம் கைவரை கொண்டுவந்தவர்கள் யார்?” நவவீயின் நூலில் அதற்கு விடை இல்லை. மனனம் செய்ய எளிதாக இருக்கட்டும் என்று தொடர்களை நீக்கிவிட்டதாக அவரே முன்னுரையில் சொல்கிறார். அதனால்தான் நீங்கள் முதல் இரண்டு ஹதீஸ்களையும் புகாரீ, முஸ்லிம் ஆகிய மூல நூல்களிலிருந்து முழுத் தொடரோடு ஆங்கிலத்தில் தர முனைந்திருக்கிறீர்கள். சரியான முடிவு.

நபிமொழிப் பகுதியில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த மடல் தொடரைப் பற்றியது மட்டுமே. ஒரு பெயரையும் நீங்கள் விடவில்லை. ஆனால் பெயருக்கும் பெயருக்கும் இடையே எல்லா இடத்திலும் ‘ரிப்போர்ட்டட்’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறீர்கள். வாசிக்கத் தங்குதடை இல்லை. அந்த ஓட்டம் எனக்கும் வேண்டும். ஆனால் அதை எடுக்கக் கூடாத இடத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள். எடுக்கக்கூடிய இடம் வேறு இருக்கிறது. அதைக் காட்டத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு முன் ஆங்கிலத்தில் இந்தச் சிக்கலைச் சந்தித்தவர்கள் இரண்டு வழிகளில் போயிருக்கிறார்கள். முஹம்மத் முஹ்ஸின் கானின் ஒன்பது தொகுதி புகாரீ பெயர்ப்பில், நபித்தோழரின் பெயர் மட்டும் தலையில் நிற்கும். நடுவில் இருந்தவர்கள் இல்லை. எஹ்ஸான் யார்ஷாதிர் பொதுப் பதிப்பாசிரியராக இருந்து அமெரிக்காவில் வெளிவந்த தபரீயின் வரலாற்றுப் பெயர்ப்பில் பெயர்கள் எல்லாம் உண்டு, ஆனால் இடையே ஒரு கோடு மட்டும் இருக்கும். ஒரு பெயர், கோடு, அடுத்த பெயர். அரபியில் உள்ள நுட்பமான வேறுபாடுகளை இதில் கணக்கில் எடுக்கவில்லை என்று அந்தத் தொகுதிகளின் முன்குறிப்பே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. வரலாறு படிப்பவருக்கு அது போதும். உங்கள் வகுப்பு தொடரையே படிக்கும் வகுப்பு. அதற்குப் போதாது.

தமிழ்ப் பெயர்ப்புகளில் அறிவிப்பவரின் பெயர் பெரும்பாலும் ஓரிடத்தில் ஒரு வரியாக ஒதுங்கி நிற்பதைப் பார்த்தே நீங்களும் தொடரைச் சுருக்கத் துணிந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தமிழுக்கு அதில் ஒரு கட்டாயம் இருக்கிறது. நம் மொழியில் வினை கடைசியில் வரும். ஆறு பேர் கொண்ட தொடரை ஒரே வாக்கியமாகச் சொன்னால் ஆறு பெயரும் முன்னே குவிந்து, ‘கூறியதாக, அறிவித்ததாக, சொன்னதாக’ என்று வினைகள் எல்லாம் பின்னே குவியும். யார் எதைச் சொன்னார் என்பது குழம்பிப்போகும். ஆங்கிலத்தில் பெயரை அடுத்தே வினை வந்துவிடும். அரபியில் தொடர் எந்த வரிசையில் நகர்கிறதோ அதே வரிசையில் ஆங்கிலமும் நகர முடியும். தமிழின் கட்டாயத்தை ஆங்கிலத்தின் மேல் ஏற்ற வேண்டியதில்லை.

இனி முதல் ஹதீஸையே எடுத்துக்கொள்வோம். எண்ணத்தைப் பற்றிய ஹதீஸ். புகாரீயில் முதல் எண். தொடரில் புகாரீக்கும் நபி (ஸல்) அவர்களுக்கும் இடையே ஆறு பேர். புகாரீயின் ஆசிரியர் ஹுமைதீ. அவருடைய ஆசிரியர் சுஃப்யான். அடுத்து யஹ்யா பின் சஈத் அல்அன்சாரீ. அடுத்து முஹம்மத் பின் இப்ராஹீம் அத்தைமீ. அடுத்து அல்கமா பின் வக்காஸ் அல்லைஸீ. கடைசியாக உமர் (ரலி).

இப்போது இணைப்புகளைப் பாருங்கள். ஹுமைதீ, சுஃப்யான், யஹ்யா ஆகிய மூவருக்கும் ‘ஹத்தஸனா’: எங்களுக்குச் சொன்னார். யஹ்யாவுக்கும் முஹம்மதுக்கும் இடையே சொல் மாறுகிறது. ‘அக்பரனீ’: எனக்கு அறிவித்தார். பன்மை ஒருமையாகிவிட்டது. அடுத்து, முஹம்மத் அல்கமா சொல்லக் கேட்டார். அல்கமா, உமர் (ரலி) மிம்பரில் நின்று சொல்லக் கேட்டார். உமர் (ரலி), நபி (ஸல்) சொல்லக் கேட்டார். சொன்னார், அறிவித்தார், கேட்டேன் என மூன்று வகை இணைப்பு. எங்களுக்கு, எனக்கு என இரண்டு வகை. அவற்றோடு மிம்பர் என்ற ஓர் இடம். நீங்கள் ‘ரிப்போர்ட்டட்’ என்று ஒரே சொல்லைப் போட்டபோது இவ்வளவும் போய்விட்டன. இந்த ஹதீஸ் ஆட்சித் தலைவரால் சபையறிய மிம்பரில் சொல்லப்பட்டது என்பதும் உங்கள் பக்கத்தில் இல்லை.

அப்படியானால் ஓட்டத்தை எங்கிருந்து எடுப்பது? ‘கால’ என்ற சொல்லிலிருந்து. ‘அவர் சொன்னார்’ என்று பொருள்படும் இந்தச் சொல் தொடரில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் திரும்பத் திரும்ப வரும். ஆங்கிலத்தில் ‘ஹீ செட், ஹீ செட்’ என்று தட்டித் தடுக்கிவிடுவது இதனால்தான். இதைச் சுருக்க நமக்கு முன்னோர் அனுமதி இருக்கிறது. ஹதீஸ் படியெடுத்தவர்களே எழுத்தில் இதைப் பல இடங்களில் விட்டுவிடுவார்கள். ஹிஜ்ரி 643-இல் மறைந்த இப்னு ஸலாஹ் தம் ஹதீஸ் கலை நூலில் இந்த வழக்கத்தைக் குறிப்பிட்டு, எழுத்தில் விட்டாலும் வாசிப்பவர் வாயால் சொல்லிவிட வேண்டும் என்கிறார். ‘ஹத்தஸனா’ என்ற சொல்லைக்கூட அவர்கள் முழுதாக எழுதுவதில்லை; கடைசி எழுத்துகளை மட்டும் எழுதுவார்கள். ஆனால் அது ‘ஹத்தஸனா’வா ‘அக்பரனா’வா என்று பிரித்தறியும்படிதான் சுருக்குவார்கள். எதைச் சுருக்கலாம், எதைக் கலக்கக் கூடாது என்ற எல்லையை அவர்களே போட்டுத் தந்திருக்கிறார்கள்.

ஆகவே ஆங்கிலத்தில் ‘கால’ வரும் இடத்தில் ஒரு முக்காற்புள்ளி போதும். பெயர், ‘டோல்ட் அஸ்’, முக்காற்புள்ளி. அடுத்த பெயர், ‘டோல்ட் அஸ்’, முக்காற்புள்ளி. சபையில் வாசிப்பவர் அந்தப் புள்ளியில் நிறுத்தி மூச்சு விடட்டும். ‘அஸ்’ என்பது யாருடைய ‘அஸ்’ என்ற குழப்பமும் தீரும். முக்காற்புள்ளிக்கு முன்னால் நிற்கும் பெயர்தான் இப்போது பேசுகிறவர். முஹம்மதுக்கு வரும்போது ‘இன்ஃபார்ம்ட் மீ’ என்று மாற்றுங்கள். அதற்கு மேலே ‘ஹர்ட்’. மேற்கோள் குறியை ஒவ்வொருவர் பேச்சுக்கும் திறக்காதீர்கள். ஆறு குறி திறந்தால் ஆறையும் மூட வேண்டிவரும். நபிமொழி தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு முறை திறந்தால் போதும். இப்படி எழுதி உரக்க வாசித்துப் பாருங்கள். உங்கள் பழைய வரியைவிட நீளம் அதிகமில்லை, தடங்கலும் இல்லை.

இங்கே உங்களில் ஒருவர் மறுத்துக் கேட்கலாம்: “ஹத்தஸனா, அக்பரனா எல்லாம் ஒன்றே என்று சொன்ன பெரியவர்கள் இல்லையா?” இருக்கிறார்கள். அதிலும் இந்தத் தொடரிலேயே இருக்கிறார்கள். புகாரீ தம் நூலின் கல்வி அத்தியாயத்தில், சுஃப்யான் பின் உயைனாவிடம் ஹத்தஸனா, அக்பரனா, அன்பஅனா, சமிஅ்து ஆகிய நான்கும் ஒன்றே என்று ஹுமைதீ தமக்குச் சொன்னதாகப் பதிவுசெய்கிறார். அதே ஹுமைதீ, அதே சுஃப்யான். ஆனால் இமாம் முஸ்லிம் அப்படிக் கொள்ளவில்லை. ஆசிரியர் வாயால் சொல்லக் கேட்டதை ‘ஹத்தஸனா’ என்றும், மாணவர் வாசிக்க ஆசிரியர் கேட்டு ஏற்றதை ‘அக்பரனா’ என்றும் பிரித்து எழுதுவதில் அவர் கண்டிப்பானவர். அவருடைய நூலில் யஹ்யா பின் யஹ்யா, ‘மாலிக்கிடம் நான் வாசித்தேன்’ என்றே சொல்லித் தொடங்கும் தொடர்கள் நிறைய. உங்கள் முதல் ஹதீஸ் புகாரீயிலிருந்து, இரண்டாவது முஸ்லிமிலிருந்து வருகிறது. ஒரே புத்தகத்தில் இரண்டும் இருக்கும்போது, பிரித்துக் காட்டும் வழிதான் இருவருக்கும் அநீதி செய்யாது. ஒன்றென்று கருதுகிறவர் பிரித்து எழுதியதைப் படித்தாலும் அவருக்கு நட்டமில்லை.

சுஃப்யான் ஒன்றாக எண்ணிய நான்கு சொற்களின் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். அதில் ‘அன்’ இல்லை. இந்த மடலில் நான் மிக வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

‘அன்’ என்றால் ‘இடமிருந்து’. இன்னாரிடமிருந்து இன்னார். கேட்டேன் என்றும் அது சொல்லவில்லை, கேட்கவில்லை என்றும் சொல்லவில்லை. நேரில் கேட்டதையும் இடையில் ஒருவர் வழியாக வந்ததையும் ஒரே சொல்லால் சொல்லிவிட முடியும் என்பதால், இடையில் இருந்தவர் பெயரை மறைத்து அறிவிக்கும் பழக்கம் உள்ளவர் ‘அன்’ என்றால் அறிஞர்கள் நின்று விசாரிப்பார்கள். மறைத்துச் சொல்லும் அந்தப் பழக்கத்துக்குத் தத்லீஸ் என்று பெயர்.

இதற்கு ஹதீஸ் மாணவர்கள் நன்கறிந்த சம்பவம் ஒன்று உண்டு. எகிப்தின் லைஸ் பின் சஅத், மக்காவுக்கு வந்து அபுஸ்ஸுபைரிடமிருந்து ஹதீஸ் எழுதிய இரண்டு ஏடுகளைப் பெற்றுக்கொண்டார். ஜாபிர் (ரலி) அவர்களிடமிருந்து வந்த ஹதீஸ்கள் அவை. பிறகு லைஸுக்கு ஓர் எண்ணம் வந்தது, திரும்பிப் போய், “இவை எல்லாவற்றையும் ஜாபிரிடம் நீங்களே கேட்டீர்களா?” என்று விசாரித்தார். சில நான் கேட்டவை, சில எனக்குப் பிறர் சொன்னவை என்றார் அபுஸ்ஸுபைர். கேட்டவற்றை மட்டும் குறித்துக் கொடுங்கள் என்று லைஸ் வாங்கிக்கொண்டார். அதனால்தான், அபுஸ்ஸுபைர் ஜாபிரிடமிருந்து ‘அன்’ என்று சொல்லும் ஹதீஸ், லைஸ் வழியாக வந்தால் அறிஞர்கள் மனம் அமைதியடைகிறது. அந்த ‘அன்’ஐ நீங்கள் ஆங்கிலத்தில் ‘ஜாபிர் அபுஸ்ஸுபைரிடம் சொன்னார்’ என்று மாற்றினால், சில ஹதீஸ்களில் அபுஸ்ஸுபைரே இல்லை என்று ஒப்புக்கொண்ட ஒன்றை நீங்கள் உண்டு என்று சாட்சி சொன்னதாகிவிடும். வாசிக்க அழகாக இருக்கும் ஒரு வினைச்சொல், நடந்திராத ஒரு சந்திப்பை உண்டாக்கிவிடும்.

உங்கள் முதல் ஹதீஸுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. எண்ணத்தைப் பற்றிய ஹதீஸைப் புகாரீ ஏழு இடங்களில் தருகிறார். அதில் 54-ஆம் எண்ணை எடுத்துப் பாருங்கள். அது மாலிக் வழியாக வருகிறது. மாலிக்கிலிருந்து மேலே யஹ்யா, முஹம்மத், அல்கமா, உமர் (ரலி) என நான்கு இணைப்புகளும் ‘அன்’. முதல் எண்ணில் யஹ்யாவிலிருந்து மேலே அதே மனிதர்கள், ஆனால் ஒவ்வோர் இணைப்பிலும் நேரில் கேட்டதோ அறிவிக்கப்பட்டதோ வெளிப்படையாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 54-இல் யஹ்யாவுக்கு மேலே ‘அன்’ விட்டுவைத்த கேள்விக்கு முதல் எண் பதில் சொல்வதை மாணவர் தாமே கண்டுபிடிப்பார். இந்த ஹதீஸில் அது இன்னும் முக்கியம். உமர் (ரலி), அல்கமா, முஹம்மத், யஹ்யா என ஒருவர் பின் ஒருவராகத் தனி ஆளாக வந்து, யஹ்யாவுக்குப் பிறகுதான் இது பலர் வாயில் பரவுகிறது. ஒற்றை இழையாக இருக்கும் இடத்தில் ஒவ்வொரு முடிச்சும் தெரிய வேண்டும். ஒரே வினையால் மெழுகிய ஆங்கிலத்தில் இரண்டு தொடர்களும் ஒன்றுபோலவே தோன்றும்; ஏன் இரண்டையும் தருகிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

‘அன்’னுக்கு ஆங்கிலத்தில் ‘ஃப்ரம்’ என்பதைவிட நல்ல சொல் இல்லை. ‘ஆன் தி அதாரிட்டி ஆஃப்’ என்று பலர் எழுதுகிறார்கள். அது நான்கு சொல். ஒரு தொடரில் நான்கு முறை வந்தால் வாக்கியம் நடக்காது. அரபியில் இல்லாத ஒரு கனத்தையும் அது ஏற்றுகிறது. ‘ஃப்ரம்’ அரபியைப் போலவே சிறியது, அரபியைப் போலவே ஒன்றும் கூடுதலாகச் சொல்லாதது. ‘மாலிக், ஃப்ரம் யஹ்யா, ஃப்ரம் முஹம்மத்’ என்று காற்புள்ளியோடு போகும்போது, நீங்கள் தேடிய ஓட்டம் தானாகவே வந்துவிடுகிறது.

அடுத்து பெயர்கள். தொடரில் ‘சுஃப்யான்’ என்று மட்டும் இருக்கிறது. அந்தக் காலத்தில் சுஃப்யான் என்றால் பின் உயைனாவும் உண்டு, அஸ்ஸவ்ரீயும் உண்டு. ஹுமைதீ பின் உயைனாவின் மாணவர் என்பதால் இங்கே அவர்தான். வாசகருக்கு இதைச் சொல்ல வேண்டும், சரி. ஆனால் ஹுமைதீ சொல்லாத சொல்லை ஹுமைதீ வாயில் வைக்கக் கூடாது. ஹதீஸ்வாணர்கள் இதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஆசிரியர் ‘சுலைமான்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் முஸ்லிம் ‘சுலைமான், அதாவது பின் பிலால்’ என்று எழுதுவார். அந்த ‘அதாவது’ இருப்பதால் அது தம் ஆசிரியர் சொன்னதல்ல, தாம் சேர்த்தது என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் சதுர அடைப்பு அதே வேலையைச் செய்யும். சுஃப்யான் வெளியே, ‘பின் உயைனா’ அடைப்புக்குள். தொடர் முழுக்க இந்த ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள்.

இரண்டாவது ஹதீஸ் ஜிப்ரீல் (அலை) வந்து கேள்வி கேட்ட ஹதீஸ். முஸ்லிமின் ஈமான் அத்தியாயத் தொடக்கத்தில் இரண்டு தொடர்கள் சேர்ந்து வருகின்றன. முதலாவதில் ஸுஹைர் பின் ஹர்பிடமிருந்து வகீஃ வழியாகக் கஹ்மஸ். இரண்டாவதில் உபைதுல்லாஹ் பின் முஆதிடமிருந்து அவர் தந்தை வழியாகக் கஹ்மஸ். கஹ்மஸுக்கு மேலே இரண்டுக்கும் ஒரே பாதை: இப்னு புரைதா, யஹ்யா பின் யஅ்மர். முதல் தொடர் முடிந்து இரண்டாவது தொடங்கும் இடத்தில் ‘ஹா’ என்ற ஒற்றை எழுத்து இருக்கும். தொடர் மாறுகிறது என்பதற்கான குறி. உங்கள் பக்கத்தில் இரண்டு தொடரையும் ஒன்றாகப் பின்னி, ‘வகீஃயும் முஆதும் கஹ்மஸிடமிருந்து’ என்று ஒரே வாக்கியமாக்கியிருக்கிறீர்கள். சுருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வகீஃ ‘அன் கஹ்மஸ்’ என்றார். முஆத் ‘கஹ்மஸ் எங்களுக்குச் சொன்னார்’ என்றார். அந்த வேறுபாடு பின்னலில் மறைந்துவிட்டது.

இன்னொன்றும் மறைந்தது. உபைதுல்லாஹ் பெயரை அடுத்து முஸ்லிம், ‘இது அவருடைய ஹதீஸ்’ என்று சின்னதாக ஒரு குறிப்பு வைக்கிறார். இருவரும் அறிவித்திருந்தாலும் நான் இங்கே எழுதும் வாசகம் உபைதுல்லாஹ்வுடையது என்பது அதன் பொருள். அதை எடுத்துவிட்டால் பின்வரும் சொற்கள் யாருடையவை என்பதே தெரியாமல் போகும். ஆகவே இரண்டு தொடர்களையும் இரண்டு வரிகளாகவே விடுங்கள். ‘ஹா’ இருக்கும் இடத்தில் புதிய வரியை ‘அண்ட்’ என்று தொடங்குங்கள்; அரபியிலும் அங்கே ‘வ’ இருக்கிறது. முஸ்லிமின் குறிப்பை ‘திஸ் இஸ் ஹிஸ் வேர்டிங்’ என்று சிறு கோடுகளுக்கு இடையே வையுங்கள். இதே வரியில் ‘ஹத்தஸனா அபீ’ என்று வருவதையும் கவனியுங்கள். அது ஆளின் பெயரல்ல; ‘என் தந்தை எங்களுக்குச் சொன்னார்’. உங்கள் படியில் ‘அபீ’ என்று ஒரு புது அறிவிப்பாளர் முளைத்திருக்கிறார். அவரை எடுத்துவிட்டு ‘மை ஃபாதர்’ என்று எழுதி, முஆத் என்ற பெயரை அடைப்புக்குள் தாருங்கள்.

எல்லாம் முடிந்தபின் சரிபார்க்க ஒரு முறை சொல்கிறேன். உங்கள் ஆங்கிலப் பக்கத்தை, அரபி தெரிந்த, ஆனால் இந்தப் பணியில் சேராத ஒருவரிடம் கொடுங்கள். மூலத்தைப் பார்க்காமல் ஒவ்வோர் இணைப்புக்கும் அரபிச் சொல் என்னவாக இருக்கும் என்று அவர் எழுதட்டும். ‘ஹத்தஸனா’ இருந்த இடத்தில் ‘ஹத்தஸனா’, ‘அன்’ இருந்த இடத்தில் ‘அன்’ என்று அவர் எழுதிவிட்டால் தொடர் முழுதாக ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. எங்கே தடுமாறுகிறாரோ அங்கே நீங்கள் மெழுகியிருக்கிறீர்கள். அதன் பிறகு அரபியே தெரியாத ஒரு மாணவரிடம் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவர் திணறும் இடங்களில் புள்ளியையும் பத்தியையும் மாற்றுங்கள், வினையைத் தொடாதீர்கள். இந்த வரிசை முக்கியம். முதலில் உரக்க வாசிக்க வைத்துவிட்டுப் பிறகு சரிபார்த்தால், செவிக்கு இனிதாகிவிட்ட வரியைத் திருத்த யாருக்கும் மனம் வராது.

முறையால் தீராத குறை ஒன்று இருக்கும். யஹ்யாவின் ‘எனக்கு’ என்பதைப் பார்த்து, அவர் தனியாகத்தான் கேட்டார் என்று விளக்க முற்படாதீர்கள். ‘எனக்கு’ என்றால் தனியாக, ‘எங்களுக்கு’ என்றால் சபையில் என்ற ஒழுங்கைப் பின்வந்தவர்கள் வகுத்தார்கள். யஹ்யாவின் தலைமுறை அதற்குக் கட்டுப்பட்டுப் பேசியது என்று சொல்ல முடியாது. ‘மீ’ என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கத்தை உஸ்தாத் வகுப்பில் சொல்லட்டும்.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு சிறு அட்டவணை போடுங்கள்: இடப்பக்கம் அரபிச் சொல், வலப்பக்கம் நீங்கள் எங்கும் மாற்றாமல் பயன்படுத்திய ஆங்கிலச் சொல், அதன் கீழே முக்காற்புள்ளி எதற்கு, சதுர அடைப்பு எதற்கு என்று இரண்டு வரி. தபரீ பெயர்ப்பாளர்கள் தாம் விட்டதைச் சொல்லிவிட்டு விட்டார்கள். நீங்கள் விட்டது ‘கால’ ஒன்றுதான் என்று அந்தப் பக்கத்தில் சொல்லும்படி இருக்கட்டும். அச்சுக்குப் போகும் முன் இந்த இரண்டு ஹதீஸ்களையும் இந்த முறையில் திருத்தி, வகுப்பில் ஒருமுறை வாசித்துப் பார்த்து, பிறகே மூன்றாவதைத் தொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்,
உங்கள் பக்கங்களை அக்கறையோடு வாசிக்கும் ஒருவர்